ஒரே பார்ட்டி, இரண்டு லெட்ஜர்

பெருமாநல்லூர் வட்டாரத்தில் பனியன் கம்பெனி நடத்துபவர்களிடம் ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் போவதைப் பற்றிப் பேச்செடுத்தால், பதில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும். அதெல்லாம் ஆயிரக்கணக்கில் சப்ளையர் வைத்திருக்கும் பெரிய கம்பெனிகளின் தலைவலி. நம்முடைய நிட்டிங்காரர், டையிங்காரர், பவர் டேபிள்காரர் எல்லோரும் முகம் தெரிந்தவர்கள். தவறிப்போய் இரண்டு முறை போட்டுவிட்டாலும் பார்ட்டியே போன் செய்து சொல்லிவிடுவார். அவர் சொல்லாவிட்டால் டாலி தடுக்கும், டாலி விட்டால் ஜிஎஸ்டி காட்டிக்கொடுக்கும், அதையும் தாண்டினால் ஆடிட்டர் இருக்கிறார். நான்கு அடுக்குக் காவல் என்ற நம்பிக்கை இது. நான்கு அடுக்குக்கும் பொதுவான ஓட்டை ஒன்று உண்டு. நான்குமே பில்லைப் பார்க்கின்றன, அல்லது ஒவ்வொரு லெட்ஜராகப் பார்க்கின்றன. பணம் கசிவதோ அதற்கு முந்தைய இடத்தில், யார் யார் நம் பார்ட்டிகள் என்று எழுதி வைத்திருக்கும் பட்டியலில். அந்தப் பட்டியலில் ஒரே ஆள் இரண்டு பெயரில் உட்கார்ந்துவிட்டால், பில்லைப் பார்க்கிற எந்தக் காவலுக்கும் ரெட்டைப் பேமென்ட் தெரியாது. பட்டியலைச் சோதிக்க லட்சக்கணக்கில் மென்பொருள் தேவையில்லை. ஒரு எக்ஸெல் ஷீட்டும் மூன்று நான்கு பொருத்த விதிகளும் போதும். ஆனால் எதை எதோடு பொருத்துவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. வழக்கமாகச் சிபாரிசு செய்யப்படும் விதிகள் இந்த ஊருக்கு ஒத்துவருவதில்லை.

பட்டியல் எப்படி ரெட்டிக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஒரு ஆர்டர் நூலாக உள்ளே வந்து பெட்டியாக வெளியே போவதற்குள் நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், தையல், செக்கிங், அயர்னிங் என்று பல கைகள் மாறுகிறது. பெரும்பாலானவை வெளி யூனிட்டுகள். துணிப் பொறுப்பாளர் ஒரு நிட்டிங்காரரைப் பிடிப்பார். அவசர லாட் ஒன்றுக்கு மெர்ச்சண்டைசர் அதே ஆளை வேறு வழியில் பிடிப்பார். இருவருமே கணக்குப் பிரிவுக்கு 'புதுப் பார்ட்டி' என்று சொல்லி அனுப்புவார்கள். கணக்காளர் பெயரைத் தட்டிப் பார்ப்பார். வராது. ஏனென்றால் போன வருஷம் அதை Sri என்று தொடங்கியிருப்பார்கள். இந்த வருஷம் Shree. ஒரு இடத்தில் Kaliamman, இன்னொரு இடத்தில் Kaaliyamman. ஒன்றில் Knitting, மற்றதில் Knitters. கொண்டத்துக் காளியம்மன் கோயில் இருக்கிற ஊரில் அம்மன் பெயர் வைத்த யூனிட்டுகள் ஒன்றிரண்டு அல்ல. ஆகவே பெயர் ஒத்துப்போனாலும் அது வேறு ஆளாக இருக்கலாம், ஒத்துப்போகாவிட்டாலும் அதே ஆளாக இருக்கலாம். புது லெட்ஜர் திறப்பதுதான் கணக்காளருக்குச் சுலபம். திறந்துவிடுகிறார்.

இனி ஒரு பில்லைக் கையில் எடுத்துக்கொள்வோம். உதாரணத்துக்காக நான் கட்டியது. ஆனால் கணக்கு உண்மையான விகிதங்களில்தான் ஓடுகிறது. 1,240 கிலோ நிட்டிங், கிலோவுக்கு 14 ரூபாய். கூலி 17,360. ஜவுளி ஜாப் ஒர்க்குக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், 868 ரூபாய். பில் தொகை 18,228. பார்ட்டி தனிநபர், வருஷத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டவர், ஆகவே கூலியில் 1 சதவீதம் டிடிஎஸ், 174 ரூபாய் பிடித்தம். பேங்கில் போக வேண்டியது 18,054. பில் எண் KK/24-25/0117. பில்லை பார்ட்டி அச்சடிக்கும்போதே போட்டோ எடுத்து துணிப் பொறுப்பாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார், சனிக்கிழமைக்குள் ஏதாவது பணம் வந்தால் தேவலை என்று. பொறுப்பாளர் டிசியோடு எடையை ஒத்துப் பார்த்து, '117, 1,240 கிலோ, 14 ரூபாய், ஓகே' என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கணக்குக்கு அனுப்புகிறார். அது Kaliamman Knitters என்ற லெட்ஜரில் வரியில்லாமல் 17,360 ரூபாயாக நிட்டிங் கூலி என்று ஏறுகிறது. பத்து நாள் கழித்து அசல் பில் துணியோடு வண்டியில் வருகிறது. அது Sri Kaaliyamman Knitting என்ற லெட்ஜரில், KK/24-25/0117 என்ற முழு எண்ணோடு, 18,228 ரூபாயாக ஏறுகிறது. இரண்டுக்கும் பணம் போகிறது. ஒரே கிலோ, ஒரே துணி, ஒரே பேங்க் கணக்கு. ஆனால் கம்ப்யூட்டர் கண்ணுக்குப் பெயர் வேறு, பில் எண் வேறு, தேதி வேறு, தொகையும் வேறு.

டாலி தடுக்கும் என்பவர்களுக்கு இந்த ஒரு உதாரணமே போதும் என்று நினைக்கிறேன். டாலி மட்டுமல்ல, பெரிய கம்பெனிகளில் ஓடும் எஸ்ஏபியின் ரெட்டை பில் எச்சரிக்கையும் அடிப்படையில் அதே சப்ளையர், அதே எண், அதே தேதி, அதே தொகை என்று எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போவதைத்தான் தேடுகிறது. அதே ஆள் அதே காகிதத்தை அதே மாதிரி இரண்டு முறை தட்டினால் அது பிடிக்கும். அப்படித் தட்டுவது அபூர்வம். ரெட்டைப் பதிவு பெரும்பாலும் வேறு வேறு கையால், வேறு வேறு காகிதத்திலிருந்து, வேறு வேறு வழியாக வருவது. ஆகவே ஏதாவது ஒன்று மாறியே இருக்கும். மாறியே தீரும் ஒன்றை மாறாதது என்று எடுத்துக்கொண்டு தேடினால் எதுவும் கிடைக்காது. கிடைக்கவில்லை என்பதை 'நம்மிடம் இல்லை' என்று படித்துவிடுகிறோம்.

ஜிஎஸ்டி காட்டிக்கொடுக்கும் என்பது இன்னும் பலமாகச் சொல்லப்படுவது. அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பார்ட்டி தாக்கல் செய்த பில்கள் நம்முடைய 2பி அறிக்கையில் வருகின்றன. நாம் வாங்கியதாகப் பதிந்ததை அதோடு ஒத்துப் பார்க்கிறோம். ஒரு பில்லை இரண்டு முறை பதிந்திருந்தால் இரண்டாவது அங்கே இருக்காது, அகப்பட்டுக்கொள்ளும் என்பது வாதம். காகிதத்தில் சரிதான். ஆனால் நம் உதாரணத்தில் துண்டுச் சீட்டிலிருந்து ஏறிய 17,360 வரியில்லாமல் ஏறியது. வரி வரவு கேட்காத பதிவு 2பி ஒப்பீட்டுக்குள் நுழைவதே இல்லை. ஜிஎஸ்டி பதிவு இல்லாத சின்ன பவர் டேபிள், செக்கிங், அயர்னிங் யூனிட்டுகளின் பில்கள் முழுக்கவுமே அந்த ஒப்பீட்டுக்கு வெளியே நிற்கின்றன. வரியோடு இரண்டு முறை ஏறியிருந்தாலும் கூட, 2பி-யில் இல்லாத பில்கள் என்ற குவியலில் அது ஒன்றாகச் சேரும். 5 கோடி வரை விற்றுமுதல் உள்ளவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்ய வழி இருப்பதால் அந்தக் குவியல் எப்போதுமே பெரிது. 'பார்ட்டி இன்னும் போடவில்லை' என்று எழுதிவிட்டு அடுத்த மாதத்துக்குத் தள்ளுவார்கள். ரெட்டை பில் அந்த வரிசையில் கேள்வி கேட்பாரின்றிக் காத்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஜிஎஸ்டி அமைப்புக்குத் தெரிவது பில் மட்டும். நீங்கள் பணம் கொடுத்தீர்களா, எத்தனை முறை கொடுத்தீர்கள், எந்தக் கணக்குக்குக் கொடுத்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

பார்ட்டி சொல்லிவிடுவார் என்பதை மறுத்தால் பார்ட்டிகளைத் திருடர்கள் என்று சொல்வதாகச் சிலர் கோபிக்கிறார்கள். நான் சொல்வது அதுவல்ல. நாணயமான பார்ட்டியால்கூடச் சொல்ல முடியாது என்பதுதான் என் வாதம். ஜாப் ஒர்க் யூனிட்டுக்குக் கம்பெனியிடமிருந்து எப்போதும் பாக்கி வரவேண்டியிருக்கும். அவர் கணக்கில் 17,360 வந்து விழுந்தால் அதை அவர் எந்த பில்லோடும் சேர்த்துப் பார்ப்பதில்லை. பழைய பாக்கியில் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். டாலியின் மொழியில் சொன்னால் நாம் `Agst Ref` என்று பில்லைக் காட்டி அனுப்பிய பணத்தை அவர் `On Account` என்று வாங்கிக்கொள்கிறார். மாதக் கடைசியில் அவர் அனுப்பும் ஸ்டேட்மென்டில் பாக்கி குறைவாக இருக்கும். நாம் அதை இரண்டு லெட்ஜரில் ஒன்றோடு மட்டும் ஒத்துப் பார்த்து, வித்தியாசத்துக்கு ரேட் தகராறு என்றோ எடைக் குறைவு என்றோ ஒரு பெயர் வைப்போம். ஆடிட்டர் கேட்கும் பாக்கி உறுதிக் கடிதமும் லெட்ஜருக்கு ஒன்றாகத்தான் போகிறது. ஆளுக்கு ஒன்றாகப் போவதில்லை. 2023-24 நிதியாண்டிலிருந்து குறு, சிறு தொழில்களுக்கு 15 நாளிலோ, ஒப்பந்தம் இருந்தால் 45 நாளிலோ பணம் கொடுக்காவிட்டால், கொடுக்கும் வரை அதைச் செலவாகக் கழிக்க முடியாது என்று வருமான வரியில் வந்தபிறகு மார்ச் மாதம் இன்னும் மோசமாகிவிட்டது. ஜாப் ஒர்க் யூனிட்டுகளில் பதிவு பெற்றவர்கள் பெரும்பாலும் அந்த வகைக்குள் வருகிறார்கள். கடைசி வாரத்தில் பில்லைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. பாக்கி என்று தெரிந்ததற்கெல்லாம் மொத்தமாக ஒரு தொகையைத் தள்ளிவிடுகிறார்கள். ஏப்ரலில் பில்கள் மறு லெட்ஜரில் ஏறி மறுபடி பணமாகின்றன.

இப்போது விதிக்கு வருவோம். பெயரை நம்பாதீர்கள், எண்களைப் பிடியுங்கள். பார்ட்டியின் ஜிஎஸ்டி எண் 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் அவருடைய பான். 13-வது எழுத்து, அதே பானில் அந்த மாநிலத்தில் எடுத்த எத்தனையாவது பதிவு என்பது. ஆகவே ஒரே ஆள் ஒரே மாநிலத்தில் இரண்டு பதிவு வைத்திருந்தால் ஜிஎஸ்டி எண்கள் வேறாக இருக்கும், பான் ஒன்றாக இருக்கும். முழு ஜிஎஸ்டி எண்ணை ஒத்துப் பார்ப்பவர்கள் இந்த இடத்தில் தவறவிடுகிறார்கள். B பத்தியில் ஜிஎஸ்டி எண் இருந்தால் பானை வெட்டி எடுப்பது இவ்வளவுதான்:

```
=MID(B2,3,10)
```

ஜிஎஸ்டி இல்லாத பார்ட்டிக்கு டிடிஎஸ் பிடிக்க வாங்கிய பானையே அந்தப் பத்தியில் எழுதிக்கொள்ளலாம். பானைவிடவும் பலமான சாவி பேங்க் கணக்கு எண். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் பணம் நெடுங்காலமாகக் கணக்கு எண்ணை மட்டும் பார்த்துத்தான் வரவு வைக்கப்பட்டு வந்தது. நீங்கள் எழுதிய பெயரோடு ஒத்துப்போகிறதா என்று பேங்க் பார்க்காது. அனுப்புகிறவர் கணக்குக்குரியவரின் பெயரைச் சரிபார்த்துக்கொள்ளும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் கொண்டுவர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 டிசம்பர் கடைசியில்தான் உத்தரவிட்டது. அந்த வசதி பெயரைக் காட்டும். பார்த்து நிறுத்த வேண்டியவர் அந்த லெட்ஜரைத் திறந்த அதே கணக்காளர். பணத்தைப் பொறுத்தவரை பார்ட்டி என்பவர் ஒரு கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சியும்தான். லெட்ஜரில் எழுதிய பெயர் நம் வசதிக்கு.

கணக்கு எண்ணைப் பொருத்தும்போது எக்ஸெலின் ஒரு பழக்கம் காலை வாரும். எண்ணாக எடுத்துக்கொண்டால் அது 15 இலக்கத்துக்கு மேல் நினைவில் வைப்பதில்லை. 16-வது இலக்கம் பூஜ்யமாகிவிடும். முன்னால் இருக்கும் பூஜ்யங்களும் உதிர்ந்துவிடும். டெக்ஸ்ட் என்று மாற்றி வைத்தாலும், பலரும் பயன்படுத்தும் `COUNTIF` அதைத் திரும்ப எண்ணாக்கிப் பார்ப்பதால், கடைசி இலக்கம் மட்டும் வேறாக உள்ள இரண்டு 16 இலக்கக் கணக்குகளை ஒன்று என்று சொல்லும். இல்லாத ரெட்டையைக் காட்டிப் பயமுறுத்துவதால்தான் சிலர் இந்த வேலையையே கைவிட்டிருப்பார்கள். கணக்கு எண் D பத்தியில் டெக்ஸ்டாக இருக்கும்போது இதைப் போட்டால் அந்தச் சிக்கல் வராது:

```
=IF(D2="","",SUMPRODUCT(--(D$2:D$900=D2)))
```

ஒன்றுக்கு மேல் வந்த வரிகளை மட்டும் வடிகட்டினால், ஒரே கணக்குக்குப் போகும் வெவ்வேறு லெட்ஜர்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். பானுக்கும் இதே சூத்திரம். அதே பத்தியை ஊழியர்களின் சம்பளக் கணக்குப் பட்டியலோடும் ஒருமுறை ஒத்துப் பார்க்க வேண்டும். அது முறைகேட்டுக்கான விதி. முதல் இரண்டும் பெரும்பாலும் கவனக்குறைவைத்தான் காட்டும்.

பட்டியல் இப்படிக் குழுக்களாகச் சேர்ந்த பிறகுதான் பில்லுக்குப் போக வேண்டும். ஒரு குழுவுக்குள் இருக்கும் எல்லா லெட்ஜர்களின் பில்களையும் ஒரே வரிசையாக்கி, இரண்டு கேள்வி கேட்டால் போதும். முதலாவது, பில் எண்ணின் வால் ஒன்றா? பில் எண் 16 எழுத்துக்கு மேல் போகக்கூடாது, ஒரு நிதியாண்டில் திரும்ப வரக்கூடாது என்பது ஜிஎஸ்டி விதி. இடையில் சாய்கோடும் சிறுகோடும் போடலாம். ஆகவே வருஷத்தை முதலில் நீக்கி, பிறகு எழுத்துகளையும் கோடுகளையும் நீக்கி, முன்னால் உள்ள பூஜ்யங்களையும் எடுத்துவிட்டால் KK/24-25/0117 வெறும் 117 ஆகிவிடும். துண்டுச் சீட்டின் 117-க்குப் பக்கத்தில் வந்து உட்காரும். வருஷத்தை நீக்காமல் எழுத்தையும் கோட்டையும் மட்டும் நீக்கினால் 24250117 என்று ஆகி மறுபடி தப்பிவிடும். இரண்டாவது கேள்வி தொகை. இங்கேதான் பொதுவாகச் சொல்லப்படும் 'ஒரே தொகை' விதி சறுக்குகிறது. அதே பில் 17,360 என்றும், 18,228 என்றும், 18,054 என்றும் மூன்று முகத்தோடு புத்தகத்தில் நிற்கலாம்; கூலி, வரியோடு, பிடித்தம் போக. எல்லாத் தொகையையும் வரிக்கு முந்தைய கூலியாக மாற்றிவிட்டு, ஒரு ரூபாய் முன்பின் விட்டு, அறுபது நாள் இடைவெளிக்குள் தேட வேண்டும். 18,228-ஐ 1.05-ஆல் வகுத்தால் 17,360. இந்த ஒரு வகுத்தல் இல்லாமல் எந்த விலையுயர்ந்த மென்பொருளும் இந்த ஜோடியைச் சேர்த்திருக்காது.

'இந்த விதிகளைப் போட்டால் பாதி ஊர் சந்தேகப் பட்டியலில் வந்துவிடும்' என்பது நியாயமான ஆட்சேபம். இதைச் சொல்பவர்கள் தொழில் தெரிந்தவர்கள். ஒரே பானில் நிட்டிங்கும் எம்ப்ராய்டரியும் நடத்துபவர் உண்டு. கணவர் பெயரில் ஒன்றும் மனைவி பெயரில் ஒன்றும் யூனிட் வைத்துப் போன் எண்ணும் முகவரியும் ஒன்றாக இருப்பது இங்கே சர்வ சாதாரணம். ஆகவே போன் எண்ணையும் முகவரியையும் விதியாக வைப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். தொகையும் அப்படித்தான். ஒரே ஸ்டைல், ஒரே ரேட், ஒரே அளவு லாட் என்றால் வாராவாரம் ஒரே தொகைக்கு அயர்னிங் பில் வருவதில் தப்பு எதுவும் இல்லை. இதற்கு விடை விதியைக் கைவிடுவதல்ல. டிசி எண்ணை மூன்றாவது சாவியாகக் கொண்டுவருவது. உண்மையான இரண்டு வாரத்து வேலைக்கு இரண்டு டிசி இருக்கும். ஒரே வேலையின் இரண்டு பதிவுக்கு ஒரே டிசிதான் இருக்கும், அல்லது இரண்டாவது பதிவில் டிசி எண்ணே இருக்காது. கணவன், மனைவி யூனிட்டுகள் உண்மையானவை என்றால் பான் இரண்டு, கணக்கு இரண்டு, குழுவே சேராது. இரண்டு பெயருக்கும் ஒரே கணக்கில் பணம் போகிறது என்றால், குடும்பம் ஒன்றுதானே என்று விடாமல் ஒரு கேள்வி கேட்பதில் தப்பில்லை. டிடிஎஸ் யார் பானில் ஏறுகிறது என்பதற்காகவாவது கேட்க வேண்டும்.

முறைகேட்டின் கதை கொஞ்சம் வேறு. அங்கே லெட்ஜர் ரெட்டிக்க வேண்டியதில்லை. இருக்கிற லெட்ஜரில் கணக்கு எண்ணை மாற்றிவிட்டால் போதும். லித்துவேனியாவைச் சேர்ந்த எவால்டாஸ் ரிமாசாஸ்காஸ் என்பவர் 2013-க்கும் 2015-க்கும் இடையில் கூகுளையும் பேஸ்புக்கையும் ஏமாற்றி 12 கோடி டாலருக்கு மேல் வாங்கினார். செய்தது இவ்வளவுதான்: அந்தக் கம்பெனிகளுக்கு உண்மையிலேயே சரக்குக் கொடுத்துவந்த தைவானின் குவாண்டா கம்ப்யூட்டர் பெயரிலேயே லாட்வியாவில் ஒரு கம்பெனியைப் பதிவுசெய்து, அந்தப் பெயரில் பேங்க் கணக்குத் திறந்து, பில்லும் கடிதமும் அனுப்பினார். 2019 டிசம்பரில் அவருக்கு ஐந்தாண்டு சிறை கிடைத்தது. பெயர் எழுத்துக்கு எழுத்துப் பொருந்தியது. பொருந்தாதது கணக்கு எண் ஒன்றுதான். முகம் தெரிந்த பார்ட்டி என்ற வாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான பதில் எனக்குத் தெரியவில்லை. பழகிய பெயர் என்பதால்தானே அந்தப் பணம் தங்குதடையின்றிப் போனது? இதற்கான விதி மிக எளியது. போன வாரப் பட்டியலின் நகல் ஒன்றை வைத்துக்கொண்டு இந்த வாரப் பட்டியலோடு ஒத்துப் பார்த்து, புதிதாகச் சேர்ந்த கணக்கு எண்களையும் மாறிய கணக்கு எண்களையும் மட்டும் அச்சடிப்பது. நடுத்தர யூனிட்டில் அது பெரும்பாலும் அரைப் பக்கம்கூட வராது. அதை முதலாளி கையில் வைத்துக்கொண்டு, பார்ட்டியின் பழைய போன் எண்ணுக்கு, மாற்றக் கடிதத்தில் அச்சடித்திருக்கும் எண்ணுக்கு அல்ல, பேசிக் கேட்க வேண்டும்.

'எங்களிடம் இருப்பது ஒரே கணக்காளர். பதினைந்து வருஷமாக இருக்கிறார். அவரைச் சந்தேகப்படச் சொல்கிறீர்களா' என்பது இதற்கு வரும் மறுமொழி. ஒரே ஆள் லெட்ஜர் திறந்து, பில் பதிந்து, பேங்க் பைலையும் ஏற்றுகிறார். முதலாளி செய்வது போனில் வந்த ஓடிபியைச் சொல்வது மட்டும். அவர் கண்ணில் படுவது மொத்தத் தொகை. அதற்குள் எத்தனை கணக்கு, யாருடையது என்பது படுவதில்லை. பட்டியலில் பெயர் சேர்க்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே 2020-இல் ஒரு பாடம் நடந்தது. பிஎம் கிசான் திட்டத்தில் தகுதியில்லாத ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விவசாயிகள் என்று சேர்க்கப்பட்டு, 110 கோடி ரூபாய் அளவுக்குப் பணம் போனதாக அரசே சொன்னது. வேளாண் துறை அலுவலர்களின் லாகின் வெளியாட்கள் கைக்குப் போயிருந்தது. பணம் கொடுக்கும் இயந்திரத்தில் எந்தக் கோளாறும் இல்லை; பட்டியலில் இருந்தவர்களுக்கு அது ஒழுங்காகப் பணம் அனுப்பியது. வாராந்தர அரைப் பக்க அச்சு கணக்காளரைக் குற்றம் சாட்டுவதில்லை. சொல்லப்போனால் அவர் லாகினை வேறு யாராவது பயன்படுத்தினால் அவரைக் காப்பாற்றக்கூடிய காகிதமும் அதுதான்.

இந்த விதிகள் எதைப் பிடிக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1,100 கிலோ நிட்டிங்கை 1,240 என்று டிசியிலேயே எழுதி, எடை பார்த்தவரும் பார்ட்டியும் பங்கிட்டுக்கொண்டால் பட்டியல் சுத்தமாகத்தான் இருக்கும். சொந்தக்காரர் பெயரில் புதுப் பான், புதுக் கணக்கு எடுத்து யூனிட்டே இல்லாமல் பில் போட்டாலும் பொருத்த விதிக்கு அகப்படாது. அப்படிப்பட்ட பார்ட்டியின் பில் எண்கள் இடைவெளி இல்லாமல் 1, 2, 3 என்று நமக்கே வரும், வேறு வாடிக்கையாளரே இல்லை என்பதற்கு அது அடையாளம் என்று தணிக்கைப் புத்தகங்கள் சொல்லும். இந்த ஊரில் ஒரே கம்பெனிக்கு மட்டும் தைக்கும் நேர்மையான பவர் டேபிள்கள் ஏராளம் என்பதால் அந்த அடையாளம் தனியாக நிற்காது. டிசி, வண்டி எண், மின் கட்டணம் என்று வேறு ஒன்று சேர வேண்டும். பீகார் தீவன ஊழலில் லாரி என்று பில்லில் எழுதியிருந்த வண்டி எண்கள் ஸ்கூட்டருடையவை என்று தெரிந்தது அப்படிப்பட்ட ஒரு ஒப்பீட்டில்தான். உலக அளவில் மோசடித் தணிக்கையாளர்கள் சங்கம் 2024-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, பிடிபட்ட மோசடிகளில் 43 சதவீதம் யாராவது சொன்ன தகவலால் பிடிபட்டவை. ஆள் சொல்லிப் பிடிபடுவது மோசடிதான். ஒரு பில் இரண்டு லெட்ஜரில் ஏறியதைப் பற்றி எந்த ஆளுக்கும் தெரிந்திருக்காது, ஆகவே யாரும் வந்து சொல்லப்போவதும் இல்லை.

ரெட்டை கிடைத்த பிறகு என்ன செய்வது என்பதில் ஒரு தப்பு வழக்கமாக நடக்கிறது. உடனே ஒரு லெட்ஜரை அழித்துவிடுவார்கள், அல்லது பெயரை மாற்றி மற்றதோடு சேர்த்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் எந்தத் தேதியில் எந்தப் பணம் போனது என்ற தடம் குழம்பிவிடும். இரண்டையும் அப்படியே வைத்து, ஒன்றில் இனிப் பதிவு கூடாது என்று பூட்டி, இரண்டின் பாக்கியையும் சேர்த்து ஒரே ஸ்டேட்மென்டாக பார்ட்டிக்கு அனுப்ப வேண்டும். அவர் புத்தகத்தில் அவர் ஒரே ஆள் என்பதால் அவருடைய பாக்கி அதோடு ஒத்துப்போகும். போகாத வரிகள்தான் பேச வேண்டிய வரிகள். வேலை ஓடிக்கொண்டிருக்கும் பார்ட்டி என்றால் அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளலாம், தகராறே வராது. ரெட்டைப் பதிவில் ஜிஎஸ்டி வரவு எடுத்திருந்தால் அதைத் திருப்பிக் கட்ட வேண்டும். பயன்படுத்திவிட்ட வரவென்றால் வட்டி வருஷத்துக்கு 18 சதவீதம் ஓடும். டிடிஎஸ்ஸும் இரண்டு முறை பிடித்துக் கட்டியிருந்தால் காலாண்டு அறிக்கையைத் திருத்த வேண்டியிருக்கும். சீசன் முடிந்து வேலை நின்றுபோன பார்ட்டியிடம் போன 17,360-ஐக் கேட்டு வாங்குவதுதான் கஷ்டம். அதனால் இந்த ஒத்துப்பார்க்கும் வேலையை மார்ச் கடைசியில் ஆடிட்டருக்காகச் செய்வதைவிட, சனிக்கிழமைப் பட்டுவாடாவுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலையில் செய்வது மேல். அப்போது பார்ட்டிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி நம் கையிலேயே இருக்கும்.